‘லைஃப் இன் த யூகே’ பரீட்சைக்கு வேறொருவரை அனுப்பலாமா?

கேள்வி: என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து வருடமாகப் போகிறது. துணைவர் விசா இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. நிரந்தர வதிவிடத்துக்கு வேண்டிய ‘லைஃப் இன் த யூகே’ ரெஸ்ற் இரண்டு தரம் எழுதி இரண்டும் பெயில். அவவுக்கு ஆங்கிலம் கதைக்க வரும், வாசிப்புத்தான் கஷ்டம். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ற் ஒருவர் 1,800 பவுண் தந்தால் தன்னுடைய ஆளைக் கொண்டு எழுதுவிக்கலாம், இதுவரை ஒருவரும் பிடிபடவில்லை என்கிறார். 500 பவுண் முற்பணமும் பாஸ்போட் பிரதியும் கொடுத்துவிட்டேன். மூன்று கிழமையில் திகதி எடுப்பாராம். இதில் உண்மையில் என்ன ஆபத்து? வேறு வழி இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஹரோ

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்த செய்தி ஒன்றுதான்: பரீட்சை இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே ஆபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், இந்த வாரத்துக்குள் நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதிவுபெற்ற ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் நேரம் எடுத்து, நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். ஒரு தவறிலிருந்து விலகுவதற்காக நீங்கள் சட்டத்தரணியிடம் கேட்கும் ஆலோசனை இரகசியமாகவே இருக்கும். உங்கள் மனைவியின் பெயரில் எவரும் பரீட்சைக்கு உட்காருவதற்கு நீங்கள் இருவரும் சம்மதிக்கவில்லை என்பதை அந்த ஏஜென்றுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அந்த எழுத்து எப்படி அமையவேண்டும் என்பதைச் சட்டத்தரணியிடமே விட்டுவிடுங்கள். மனைவியின் பெயரில் ஏற்கெனவே பதிவு ஏதும் செய்யப்பட்டிருக்கிறதா என்று பரீட்சையின் உதவித் தொலைபேசியில் அவரே கேட்டறிந்து, இருந்தால் இரத்துச் செய்யவேண்டும். கொடுத்த 500 பவுண் திரும்பி வருமென்று எதிர்பார்க்காதீர்கள். அதை மீட்கும் முயற்சியில் அந்த மனிதரோடு மேலும் பேச்சு வைத்துக்கொள்வதைவிட, அது போனதென்று விடுவது மலிவு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பலர் இதை ஒரு நிர்வாக விதிமீறல் என்றும், பிடிபட்டால் பரீட்சையை மீண்டும் எழுதச் சொல்வார்கள் என்றும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒருவருடைய பெயரையும் அடையாள ஆவணத்தையும் காட்டி இன்னொருவர் பரீட்சை எழுதுவது, 2006 ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின்கீழ் பொய்யான எடுத்துரைப்பின் மூலம் செய்யும் மோசடியாகும். அதற்கான உச்சத் தண்டனை பத்து ஆண்டுச் சிறை. அதற்காகப் போலி ஆவணத்தையோ மற்றவருடைய உண்மையான ஆவணத்தையோ தவறான நோக்கத்தோடு வைத்திருப்பது, 2010 ஆம் ஆண்டின் அடையாள ஆவணச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். அதற்கும் உச்சம் பத்து ஆண்டுகளே. கதிரையில் போய் உட்காருபவர் மட்டும் குற்றவாளியல்லர். ஏற்பாடு செய்தவரும், தன் பெயரில் எழுத இடங்கொடுத்தவரும், பணம் கொடுத்தவரும் அந்தச் சதியின் பங்காளிகளாகக் கருதப்படலாம். நீங்கள் பிரித்தானியக் குடிமகனாகவே இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. பணத்தைக் கொடுத்தவர் நீங்கள் என்பதால், மனைவியின் விசாவோடு சேர்த்து உங்கள் வேலையும் பெயரும்கூட இதில் அகப்படும்.

‘ஒருவரும் பிடிபடவில்லை’ என்று அவர் சொன்னதைப் பொருத்தவரை, வடலண்டனின் என்ஃபீல்ட் பகுதியைச் சேர்ந்த 61 வயதுப் பெண்மணி ஒருவரின் வழக்கைச் சொல்கிறேன். அவர் 2022 நடுப்பகுதிக்கும் 2023 ஓகஸ்ட்டுக்கும் இடையில், குறைந்தது 13 பேருக்காக, வெவ்வேறு பரீட்சை நிலையங்களில் இதே பரீட்சையை எழுதினார். பொய்முடிகளை மாற்றி மாற்றி அணிந்து, பெண்களாக மட்டுமன்றி ஆண்களாகவும் போனார். 2025 இல் அவருக்கு நான்கரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இங்கே உங்களுக்கு முக்கியமானது தண்டனையின் அளவன்று, அதன் காலக்கணக்கு. பரீட்சைகள் எழுதப்பட்ட அன்று எல்லாம் சுமுகமாகவே முடிந்திருந்தன. சித்தி என்ற முடிவும் வந்திருக்கும், அந்தக் குடும்பங்களும் நிம்மதியாக உறங்கியிருக்கும். அவர் நீதிமன்றத்தில் நின்றது கடைசிப் பரீட்சைக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்து. உங்கள் ஏஜென்ற் ‘பிடிபடவில்லை’ என்று சொல்வது ‘பரீட்சை நிலையத்தில் பிடிபடவில்லை’ என்பதையே.

பின்னாளில் எப்படி வெளிவருகிறது என்று கேட்பீர்கள். பரீட்சை நாளில் நிலையத்தில் அடையாள ஆவணத்தைப் பார்ப்பதோடு, வந்திருப்பவரின் படத்தையும் எடுக்கிறார்கள். சித்தியடைந்தால் காகிதச் சான்றிதழ் எதுவும் தரப்படுவதில்லை. ஒரு தனிக் குறிப்பெண் வரும், அதை வதிவிட விண்ணப்பத்தில் எழுதவேண்டும். விண்ணப்பிக்கும்போது உங்கள் மனைவி தன் முகத்தையும் கைரேகையையும் கொடுப்பார். ஆகவே பரீட்சை எழுதியவரின் முகம் ஒரு பக்கமும் விண்ணப்பதாரியின் முகம் மறுபக்கமும் பதிவாகி நிற்கும். அவை இரண்டையும் ஒருவர் அருகருகே வைத்துப் பார்ப்பது எந்த ஆண்டிலும் நடக்கலாம். ஏஜென்றுடைய ஆள் உங்களுக்காக மட்டும் எழுதுபவர் அல்லர். அவர் எழுதிய பத்தாவது பரீட்சையில் சந்தேகம் எழுந்தால், அதே முகம் வேறெந்தப் பெயர்களில் வந்திருக்கிறது என்று பின்னோக்கித் தேடுவதுதான் விசாரணையின் முதல் வேலை. அந்தத் தேடலில் உங்கள் மனைவியின் பெயர் எத்தனையாவதாக வருமென்று ஏஜென்றுக்கும் தெரியாது.

இந்தப் பின்னோக்கிய தேடல் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2014 இல் கண்டோம். மாணவர் விசாவுக்கான ‘டோயிக்’ ஆங்கிலப் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதை பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி அந்த ஆண்டு பெப்ரவரியில் மறைகமராவில் படம்பிடித்துக் காட்டியது. அதன் பின்னர் 2011 முதல் எழுதப்பட்ட 58,000க்கு மேற்பட்ட பரீட்சைகளின் குரற்பதிவுகள் மீள ஆராயப்பட்டு, ஏறக்குறைய 34,000 செல்லாதவை என்றும் மேலும் 22,000க்கு மேற்பட்டவை சந்தேகத்துக்குரியவை என்றும் அறிவிக்கப்பட்டன. அதில் நேர்மையாக எழுதியவர்கள் பலரும் சிக்கி, தங்கள் பெயரை மீட்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் அலைந்தார்கள். அந்த அநியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் நேர்மையாக எழுதியவர்களுக்கே அந்தப் பாடு என்றால், உண்மையிலேயே வேறொருவரை அனுப்பியவர் எதைச் சொல்லி வாதாடுவார்? எங்களைப் போன்ற சட்டத்தரணிகள்கூட அங்கே செய்யக்கூடியது மிகக் குறைவு.

அகப்பட்டால் நேர்வது என்ன? விண்ணப்பம் முடிவாகும் முன்னரே தெரியவந்தால் அது நிராகரிக்கப்படும். மூவாயிரம் பவுணைத் தாண்டும் அந்தக் கட்டணம் திரும்பி வராது. ஏமாற்றியவர் என்ற குறிப்பு கோப்பில் ஏறும். அந்தக் குறிப்பு பலவகை விசா விண்ணப்பங்களைப் பத்து ஆண்டுகளுக்குப் பாதிக்கும். குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தை நிபந்தனையிலும் ஹோம் ஒஃபிஸ் பத்து ஆண்டுகளைத்தான் பின்னோக்கிப் பார்க்கிறது. நிரந்தர வதிவிடம் கிடைத்த பின்னர் தெரியவந்தால், ஏமாற்றிப் பெற்றது என்ற காரணத்தால் 2002 ஆம் ஆண்டின் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தின்கீழ் அதை மீளப் பறிக்கலாம்.

குடியுரிமையும் பெற்ற பின்னர் தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசம். 1981 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 40(3) ஆம் பிரிவு, மோசடியால் பெற்ற குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதற்குக் கால எல்லை இல்லை. நாடற்றவராகிவிடுவார் என்ற காரணம்கூட அந்தப் பிரிவின்கீழ் தடையாக நிற்காது. நம்மவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. இலங்கைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றிருந்தாலன்றி இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். நம்மில் பலர் அந்த விண்ணப்பத்தைச் செய்வதே இல்லை. அப்படிப்பட்டவரின் பிரித்தானியக் கடவுச்சீட்டு பறிபோனால், அவர் கையில் எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இராது. இருபத்துநான்கு கேள்விகளுக்காக எடுத்துவைக்கும் பணயம் இது.

ஏஜென்றுடைய பக்கத்திலிருந்தும் கணக்கைப் பாருங்கள். அவரிடம் இப்போது உங்கள் மனைவியின் கடவுச்சீட்டுப் பிரதி இருக்கிறது. அடுத்து அவர் பெரும்பாலும் கேட்கப்போவது இ-விசாக் கணக்கின் உள்நுழைவு விவரங்கள். ‘விண்ணப்பத்தையும் நானே போட்டுத் தருகிறேன்’ என்பார். அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கு மற்றவர் கைக்குப் போனால், அதில் பதிந்த தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மாற்றி, உங்கள் மனைவி தன் சொந்த விசா நிலையையே பார்க்கமுடியாமற் செய்துவிடலாம். பரீட்சை ‘முடிந்த’ பிறகு இன்னும் ஆயிரம் பவுண் கேட்டால், முறையிட உங்களுக்கு ஓரிடமும் இல்லை. முறைப்பாடே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். வேறொன்றும் உண்டு: இந்த நாட்டில் தகுதியற்ற ஒருவர் தொழிலாகக் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே குற்றம். சட்டத்தரணியல்லாத ஆலோசகர்கள் பதிவுசெய்யவேண்டிய அமைப்பு 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்ற பெயரில் இயங்குகிறது. அதன் பதிவேட்டை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். உங்கள் மனிதரின் பெயரையும் ஒருமுறை அதில் தேடிப் பாருங்கள். கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும், ஏனெனில் காசு கொடுத்து உதவி பெறுவதெல்லாம் குற்றமல்ல. படிப்பித்துத் தருபவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். கணினி தெரியாத மனைவிக்காக நீங்களே பதிவைச் செய்துகொடுக்கலாம். 50 பவுண் கட்டணப் பரீட்சைக்கு 150 பவுண் வாங்கிக்கொண்டு பதிந்து தரும் கடைகளும் இருக்கின்றன, அது வீண்செலவு. ஆனால் பரீட்சை அறைக்குள் பதில் சொல்பவர் உங்கள் மனைவியாக இல்லாமற் போனால், அது நேரடி ஆள்மாறாட்டமாக இருந்தாலும், காதுக்குள் மறைத்த கருவியில் வெளியிலிருந்து பதில் சொல்லிக்கொடுப்பதாக இருந்தாலும், இரண்டும் மோசடியே.

இனி நேரான வழி. முதலில், உங்கள் மனைவிக்கு விதிவிலக்கு உண்டா என்று பாருங்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் இந்தப் பரீட்சையை எழுதத் தேவையில்லை. நீண்டகால உடல்நோயோ மனநோயோ காரணமாகப் படித்து எழுதமுடியாதவர்கள், மருத்துவர் அதை உறுதிப்படுத்தும் படிவத்தையோ கடிதத்தையோ இணைத்து விலக்குக் கேட்கலாம். வாசிப்புக் கடினம் என்பது மட்டும் விலக்குக்குப் போதாது. ஆனால் அந்தக் கடினத்துக்குப் பின்னால் கண்பார்வைக் குறையோ, கண்டறியப்படாத வாசிப்புக் குறைபாடோ இருக்கிறதா என்று குடும்ப மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அப்படி ஏதும் இருந்தால், பதிவின்போதே பரீட்சை நிலையத்தில் அதற்கேற்ற ஏற்பாடு கேட்கமுடியும்.

விலக்கு இல்லையென்றால், பரீட்சையின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 45 நிமிடத்தில் 24 கேள்விகள். 18 சரியானால் சித்தி. எத்தனை தரமும் எழுதலாம்; ஒருமுறை தவறினால் ஏழு நாள் கழிந்த பின்னரே அடுத்ததை எழுதமுடியும். ஒவ்வொரு தரமும் 50 பவுண். ஏஜென்ற் கேட்ட 1,800 பவுணுக்கு உங்கள் மனைவி இதை 36 தரம் எழுதலாம். ஒருமுறை பெற்ற சித்தி காலாவதியாவதில்லை; பின்னர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதுவே போதும்.

இரண்டு தரம் தவறியதன் காரணத்தை ஊகிக்க ஓர் எடுத்துக்காட்டு உதவும். சில ஆண்டுகளுக்கு முன்னர், மீன்கடையொன்றில் வேலைசெய்த வல்வெட்டித்துறை அம்மா ஒருவர் மூன்று தரம் தவறிய பின்னர் என்னிடம் வந்தார். கைத்தொலைபேசிச் செயலியில் நூற்றுக்கணக்கான மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தார். மேசையில் வைத்து ஒரு மாதிரித் தாளைச் செய்யச் சொன்னேன். பெண்கள் வாக்குரிமை பற்றிய கேள்விக்கு 1928 என்று உடனே போட்டார். கேள்வி கேட்டதோ, பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை கிடைத்த ஆண்டை. 1918 இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது. 1928 இல்தான் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது. அவருக்கு இரண்டு ஆண்டுகளும் தெரியும். ‘முதன்முதலில்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் கண் தாண்டிப் போயிருந்தது. நான்கு விடைகளில் இரண்டைத் தெரிவுசெய் என்ற கேள்விகளிலும் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். அந்தத் தாளில் அவர் இழந்த எட்டுப் புள்ளிகளில் ஐந்து இப்படிப் போனவை.

அவருக்கு நான் சொன்ன வழியையே உங்கள் மனைவிக்கும் சொல்கிறேன். கேள்விகள் எல்லாம் ‘லைஃப் இன் த யுனைட்டட் கிங்டம்: எ கைட் ஃபோர் நியூ ரெசிடென்ற்ஸ்’ என்ற உத்தியோகபூர்வக் கைந்நூலின் மூன்றாம் பதிப்பிலிருந்து மட்டுமே வரும். உள்ளூர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் ஐந்து அத்தியாயங்கள் இருக்கின்றன. வரலாற்று அத்தியாயமே எல்லோரையும் திணறடிப்பது. அதற்கு நாலு கிழமை ஒதுக்கி, மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கிழமை வையுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் போதும். மனைவி ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கட்டும், நீங்கள் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். 1066 இல் ஹேஸ்டிங்ஸ் போர், 1215 இல் மக்னா கார்ட்டா, 1688 இல் ‘புகழ்மிகு புரட்சி’, 1832 இல் சீர்திருத்தச் சட்டம் என்று தனித்தனி எண்களாகப் படித்தால் தங்காது. அரசரின் அதிகாரம் படிப்படியாகக் குறைந்து மக்களிடம் வந்த ஒரே கதையாகப் படித்தால் தங்கும். லண்டனின் முதல் இந்தியக் கறி உணவகத்தை 1810 இல் சேக் டீன் மஹமெற் திறந்தார் என்ற செய்தியை அந்த அம்மா ஒருபோதும் மறக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒன்பதாம், பத்தாம் கிழமைகளில் மட்டும் மாதிரித் தாள்களுக்குப் போங்கள். அப்போதும் விடையைத் தொடுவதற்கு முன் கேள்வியின் எந்தச் சொல் விடையை மாற்றுகிறது என்று அவர் விரலால் காட்டவேண்டும். புதிய தாள்களில் தொடர்ந்து ஐந்து முறை 21 புள்ளி வந்தால் பதியுங்கள். அந்த அம்மா நாலாம் தரம் சித்தியடைந்தார்.

வாசிப்பே பெருந்தடை என்றால், அருகிலுள்ள கல்லூரியிலோ நகரசபையின் வளர்ந்தோர் கல்விப் பிரிவிலோ நடக்கும் ‘ஈசோல்’ ஆங்கில வகுப்பில் சேர முடியுமா, கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். இந்தப் பரீட்சையின் மொழி அந்த வகுப்பின் ‘என்ட்ரி 3’ மட்டத்தை ஒட்டியது. வதிவிட விண்ணப்பத்துக்குத் தனியாக ஆங்கிலப் பேச்சிலும் கேட்டலிலும் பி1 மட்டத் தகுதியும் வேண்டும் என்பதால், அந்தப் படிப்பு இரண்டுக்கும் பயன்படும். பி1 பரீட்சையை அவர் ஏற்கெனவே முடித்துவிட்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதற்கும் திகதி எடுங்கள்.

நாலு மாதம் என்பது பத்துக் கிழமைப் படிப்பு போக, இரண்டு மூன்று தரம் எழுத இடந்தருகிறது. அதற்குள்ளும் முடியாமற் போனாலும் வாசல் மூடிவிடாது. இதை உங்கள் ஏஜென்ற் சொல்லியிருக்கமாட்டார். துணைவர் வழியில் இருப்பவர் இந்தப் பரீட்சைத் தகுதியை அடையாதபோது, மற்ற நிபந்தனைகள் நிறைவாக இருந்தால், நிரந்தர வதிவிடத்துக்குப் பதிலாக இன்னும் 30 மாதம் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். செலவு சிறிதன்று. விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல், ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் சுகாதார வரி மட்டும் இரண்டரை ஆண்டுக்கு 2,587 பவுண் 50 பென்ஸ் ஆகும். ஆனால் அந்த 30 மாதமும் காத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து ஆண்டு நிறைவாகியிருந்தால், இடையில் பரீட்சை சித்தியானதும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் இப்போதைய விசா முடியும் நாளுக்கு முன்னர் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை இப்போதுள்ள உரிமைகளோடே அவர் இங்கே இருக்கலாம். விசா முடிவதற்கு ஆறு கிழமை இருக்கும்போது சட்டத்தரணியைப் பார்த்து, இரண்டில் எது என்று தீர்மானியுங்கள்.

பதிவை gov.uk தளத்தில் மட்டுமே செய்யுங்கள். குறைந்தது மூன்று நாள் முன்கூட்டியே பதியவேண்டும். பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம்மவர் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் முன்னே வருவதால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெயர் பொருந்தாவிட்டால் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் உங்கள் மனைவியின் சொந்த மின்னஞ்சலாக இருக்கவேண்டும்.